நீளமான மெயில் செயினை ஃபார்வர்ட் பண்றப்போ மேல என்ன எழுதணும்: முழு வழிகாட்டி

"கீழே உள்ள மெயிலைப் பார்த்து உங்க கருத்தைச் சொல்லுங்க." இந்த ஒரு வரி, அதுக்குக் கீழ 27 மெயில். வாங்கினவங்க பாதி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்துட்டு சாயங்காலம் பாத்துக்கலாம்னு மூடி வச்சிருவாங்க, அந்த சாயங்காலம் வரவே வராது. மூணு நாள் கழிச்சு நாம ஃபோன் பண்ணிக் கேட்டா "அதுல நான் என்ன பண்ணணும்னு தெரியலையே"ன்னு சொல்லுவாங்க. கோவப்படவும் முடியாது, ஏன்னா நாம சொல்லவே இல்லையே.

ரொம்ப நாள் நானும் அப்படித்தான் அனுப்பிட்டு இருந்தேன். அப்புறம் மேல ஏழெட்டு வரி எழுதி அனுப்ப ஆரம்பிச்சேன். அந்த ஏழெட்டு வரியை எப்படித் தயார் பண்றதுன்னு ஒரே ஒரு உதாரணத்தை வச்சு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சொல்றேன்.

உதாரணம்

புதுசா 40 பேர் ஜூன் 18 வேலைக்குச் சேர்றாங்க, அவங்களுக்கு லேப்டாப் வாங்கணும். ஹெச்.ஆர்., பர்ச்சேஸ், ஐடி, சப்ளையர்னு ஆறு பேர் மாத்தி மாத்திப் பேசி 12 நாள்ல 27 மெயில் ஆகிருச்சு. கடைசி மெயில்ல பர்ச்சேஸ்ல இருக்கிறவர் "செலவு கூடுது, ஃபைனான்ஸ் மேடம் கிட்ட ஒப்புதல் வாங்கிக் கொடுங்க"ன்னு நம்ம தலையில கட்டிட்டார். மேடம் இந்தச் செயின்லயே இல்ல, அவங்களுக்கு இது எதுவுமே தெரியாது. இன்னைக்கு ஜூன் 2, திங்கள்கிழமை.

முதல்ல கேட்கப் போறதை ஒரே வாக்கியமா எழுதுங்க

ஃபார்வர்ட் பட்டனை இன்னும் தொடாதீங்க. நோட்பேட்ல ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க: யாரு, என்ன செய்யணும், எப்போக்குள்ள. "மேடம், 6% கூடுதல் செலவுக்கு ஜூன் 4 சாயங்காலம் 5-க்குள்ள சரியா வேண்டாமான்னு சொல்லணும்." அவ்வளவுதான்.

எல்லாரும் சுருக்கத்தைத்தான் முதல்ல எழுதுறாங்க, அதுலதான் சிக்கலே. கதையை மொத்தமா எழுதி முடிச்சிட்டு கடைசியில "தயவுசெய்து ஆவன செய்யவும்"னு முடிச்சிருவாங்க. கேள்வி என்னன்னு முதல்ல தெரிஞ்சிருந்தா 27 மெயில்ல எது வேணும் எது வேண்டாம்னு தானா பிரிஞ்சிரும், ஏன்னா மேடம் "சரி"ன்னு சொல்றதுக்கு எது தேவையோ அது மட்டும்தான் மேல வரணும். மீட்டிங் ரெண்டு தடவை தள்ளிப்போனது, சப்ளையர் லேட்டா பதில் போட்டது, அதனால பர்ச்சேஸ்காரர் கடுப்பானது, இதெல்லாம் நமக்குப் பெரிய விஷயமா தெரியும், அவங்க முடிவுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

அந்த ஒரு வாக்கியம் வரவே மாட்டேங்குதுன்னா, என்ன கேட்கணும்னு நமக்கே தெரியலன்னு அர்த்தம். அப்போ மெயிலை அனுப்பாதீங்க, செயின்ல கடைசியா எழுதினவருக்கு ஒரு ஃபோன் போட்டு "சரியா என்ன வேணும்?"னு கேட்டுட்டு வாங்க.

கீழ இருந்து மேல படிங்க, கிளையையும் தேடுங்க

செயின்ல புது மெயில் மேலயும் பழசு கீழயும் இருக்கும். மேல இருந்து படிச்சா பதிலை முதல்ல பாத்துட்டு கேள்வியை அப்புறம் பாக்குற மாதிரி ஆயிரும், அதனால ஒரு தடவையாவது அடியில இருந்து மேல வாங்க. படிக்கிறப்போ மூணே விஷயத்தைக் குறிச்சுக்கோங்க: எது முடிவாச்சு, எது பின்னாடி மாறுச்சு, எது இன்னும் தொங்குது.

மாறினதைத்தான் ரொம்பக் கவனமா பாக்கணும். நம்ம உதாரணத்துல 8-வது மெயில்ல சப்ளையர் ஒரு மாற்று மாடல் சொல்றாரு, விலை 9% கூட. 9-வதுல ஐடி "8 ஜிபி மெமரி போதாது, வேண்டாம்"ங்குது. 11-ல சப்ளையர் அதையே 16 ஜிபியா, அதே விலைக்குத் தர்றேங்குறாரு. 19-வதுல பேரம் பேசி 6% ஆகுது. நடுவுல எங்கேயோ படிச்சுட்டு "ஐடி வேண்டாம்னுட்டாங்க, 9% கூட"ன்னு எழுதினா மொத்த சுருக்கமும் தப்பு. ஒவ்வொரு நம்பருக்கும் அது கடைசியா வந்த இடத்தைப் பிடிச்சு எடுங்க.

இன்னொரு பொறி இருக்கு, இதுல அனுபவசாலிங்களே விழுவாங்க. ஒரே மெயிலுக்கு ரெண்டு பேர் தனித்தனியா ரிப்ளை பண்ணா செயின் ரெண்டு கிளையா பிரிஞ்சிரும். கடைசி மெயிலுக்குக் கீழ இருக்கிறது அது வந்த கிளை மட்டும்தான். ஐடி 16 ஜிபிக்கு "ஓகே" சொன்னது 16-வது மெயில், ஆனா அது 11-வதுக்குப் போட்ட ரிப்ளை. பர்ச்சேஸ்காரரும் அதே 11-க்கு இன்னொரு ரிப்ளை போட்டு அந்தப் பக்கமாவே பேரத்தை நடத்திக் கொண்டு போயிட்டார். இப்போ 27-வதை ஃபார்வர்ட் பண்ணா ஐடியோட "வேண்டாம்" உள்ள இருக்கும், "ஓகே" இருக்காது! மேடம் பொறுமையா கீழ வரைக்கும் படிச்சாங்கன்னா ஐடி மறுத்த பொருளுக்கு நாம காசு கேட்கிறோம்னுதான் நினைப்பாங்க.

கண்டுபிடிக்கிறது கஷ்டம் இல்ல. இன்பாக்ஸ்ல அந்தப் பேச்சுல மொத்தம் எத்தனை மெயில் இருக்குன்னு எண்ணுங்க, அப்புறம் கடைசி மெயிலையும் அதுக்குள்ள மேற்கோளா இருக்கிறதையும் சேர்த்து எண்ணுங்க. குறைஞ்சா கிளை இருக்கலாம், எது விடுபட்டிருக்குன்னு தேடுங்க. ஜிமெயில்ல செயினுக்கு மேல இருக்கிற மூணு புள்ளியில `Forward all`னு ஒண்ணு இருக்கு, அது அந்தப் பேச்சுல உள்ள எல்லா மெயிலையும் சேர்த்து அனுப்பும். ஆனா நீளம் இன்னும் கூடிரும், அதனால விடுபட்ட அந்த ஒரே மெயிலை மட்டும் இணைப்பா வைக்கிறதுதான் நான் பண்றது.

இணைப்பு கூடவே போகும்னு நம்பாதீங்க

ஃபார்வர்ட் பண்ற மெயில்ல இருக்கிற ஃபைல் மட்டும்தான் கூட போகும். ரிப்ளை பண்றப்போ பொதுவா முந்தின மெயிலோட ஃபைல் கழண்டுரும், அதனால 19-வது மெயில்ல வந்த திருத்தின விலைப்பட்டியல் 27-வதுல இருக்காது. "இணைப்பைப் பார்க்கவும்"ங்குற வரி மட்டும் கீழ எங்கேயோ அனாதையா கிடக்கும். 19-ஐத் திறந்து ஃபைலை இறக்கி நீங்களே வைங்க. 4-வது மெயில்ல பழைய விலைப்பட்டியலும் இருக்கும், பேரு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், திறந்து உள்ள இருக்கிற தேதியைப் பாத்துட்டு வைங்க.

இப்போ மேல் பகுதியை எழுதுங்க

சப்ஜெக்ட்ல இருந்து ஆரம்பிங்க. 12 நாளுக்கு முன்னாடி ஹெச்.ஆர். வச்ச "புதியவர்கள் தொடர்பாக"ங்குற தலைப்பு இப்போ "Fwd: Re: Re: புதியவர்கள் தொடர்பாக"ன்னு நிக்கும், அதுல மேடத்துக்கு ஒண்ணும் புரியாது. மாத்திருங்க. ஜிமெயில்ல ஃபார்வர்ட் திறந்ததும் பெறுநர் பக்கத்துல இருக்கிற சின்ன அம்புக்குறியை அழுத்தினா `Edit subject` வரும், அவுட்லுக்ல சப்ஜெக்ட் கட்டத்துலயே நேரா மாத்தலாம். மாத்தினா தனிப் பேச்சா பிரிஞ்சிரும், இங்க அதுதான் நல்லது, மேடத்துக்கு இது புது விஷயம்தானே.

முழுசா இப்படி வரும்:

> சப்ஜெக்ட்: ஒப்புதல் தேவை, ஜூன் 4 புதன் மாலை 5-க்குள்: 40 லேப்டாப், 6% கூடுதல் செலவு
>
> மேடம், வணக்கம்.
>
> உங்களிடம் வேண்டியது: புதிதாகச் சேரும் 40 பேருக்கான லேப்டாப் வாங்க, ஏற்கெனவே ஒதுக்கிய தொகையை விட 6% கூடுதலாகச் செலவு செய்ய ஒப்புதல். ஜூன் 4 புதன் மாலை 5 மணிக்குள் "சரி" அல்லது "வேண்டாம்" என்று பதில் போட்டால் போதும்.
>
> ஏன் அந்தத் தேதி: இந்த விலை ஜூன் 5 வியாழன் வரைதான். அன்று ஆர்டர் போனால் 12-ஆம் தேதி பொருள் வரும், ஐடி தயார் செய்ய 2 வேலை நாள், 18-ஆம் தேதி அவர்கள் சேர்கிறார்கள்.
>
> நிலவரம்:
> முதலில் கேட்ட மாடல் ஸ்டாக் இல்லை, அடுத்து ஜூன் 25-தான் வரும். சேரும் தேதியைத் தள்ள முடியாது என்று ஹெச்.ஆர். சொல்லிவிட்டார்கள்.
> மாற்று மாடலை (16 ஜிபி) ஐடி ஏற்றுக்கொண்டது. கீழே செயினில் "வேண்டாம்" என்று இருப்பது 8 ஜிபி மாடலுக்கு.
> சப்ளையர் கேட்டது 9% கூடுதல், பேசி 6% ஆகக் குறைத்தாயிற்று.
>
> இன்னும் தெரியாதது: மாற்று மாடலுக்கு வாரன்டி எத்தனை வருடம் என்று சப்ளையர் சொல்லவில்லை. ஜூன் 3-க்குள் பதில் வரும், வந்ததும் தெரிவிக்கிறேன்.
>
> இணைப்பு: திருத்திய விலைப்பட்டியல், ஐடி ஒப்புதல் மெயில்.
>
> கீழே இருப்பது மெயில் செயின், தகவலுக்கு மட்டும்.

இதுல சில வரி ஏன் அப்படி இருக்குன்னு சொல்லிடறேன்.

கெடு வியாழக்கிழமை, ஆனா நான் புதன்கிழமை கேட்கிறேன். மேடம் வியாழன் சாயங்காலம் "சரி"ன்னா அதுக்கப்புறம் ஆர்டர் எழுதி அனுப்ப நேரம் இருக்காது, அதனால ஒரு நாள் முன்னாடி. ஆனா உண்மையான கடைசி நாளையும் மறைக்காம அடுத்த வரியிலேயே சொல்லியிருக்கேன் பாருங்க. சும்மா "அவசரம்"னு எழுதினா யாரும் நம்புறது இல்ல, எல்லா மெயிலும் அவசரம்னுதான் வருது. தேதியும் அந்தத் தேதிக்குக் காரணமும் சேர்ந்து இருந்தா மறுபேச்சு வராது.

"நாளைக்கு", "இந்த வெள்ளி", "அடுத்த வாரம்" எதுவும் மேல வரக்கூடாது. 14-வது மெயில்ல "நாளைக்குள்ள சொல்லுங்க"ன்னு இருக்கிறதை அப்படியே காப்பி பண்ணினா அது எந்த நாளைன்னு யாருக்குத் தெரியும்? அந்த மெயில் போன தேதியைப் பாத்து கணக்குப் போட்டு தேதியா மாத்துங்க. வேற நாட்டு ஆளுங்க செயின்ல இருந்தா இன்னும் கவனம், மேற்கோள்ல இருக்கிற நேரம் பெரும்பாலும் ரிப்ளை போட்டவரோட ஊர் நேரமா இருக்கும்.

"இன்னும் தெரியாதது"ங்குற வரியைப் பல பேர் விட்டுருவாங்க, கேட்டா "அதைச் சொன்னா ஒப்புதல் தர மாட்டாங்க"ம்பாங்க. அவங்களே கண்டுபிடிச்சுக் கேட்டா ரெண்டு நாள் போயிரும், அதுக்கு நாமளே சொல்லி, எப்போ தெரியும்னும் சொல்லிட்டா வேலை நகரும்.

சுருக்கத்துல நம்ம கருத்தைக் கலக்காதீங்க. "ஐடி ஏற்றுக்கொண்டது" அவங்க சொன்னது. "இதுதான் சிறந்தது"ன்னு எழுதினா அது நான் சொல்றது, அதை எழுதணும்னா "என் பரிந்துரை"ன்னு தனி வரியா போடுங்க. அதே மாதிரி ஐடி "பரவாயில்ல, சமாளிச்சுக்கலாம்"னு எழுதியிருந்தா அதை "ஏற்றுக்கொண்டது"ன்னு உயர்த்திச் சொல்லிராதீங்க, பின்னாடி அவங்க "நான் அப்படிச் சொல்லவே இல்ல"ன்னு வந்து நிப்பாங்க, மெயிலும் அவங்க பக்கம்தான் இருக்கும்.

செஞ்சு முடிக்க வேண்டியது ரெண்டு பேருக்கு இருந்தா ஒவ்வொருத்தர் பேரையும் போட்டு தனி வரி எழுதுங்க. "நீங்க ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்க"ன்னா ரெண்டு பேரும் மத்தவரு பாத்துப்பாருன்னு விட்டுருவாங்க.

கீழ இருக்கிறதை என்ன பண்றது

தலைப்புல மேல எழுதுறதைப் பத்திச் சொன்னாலும், உண்மையில மானம் போறது கீழ இருக்கிற பகுதியிலதான். அனுப்புறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் ஒரு தடவை ஸ்க்ரோல் பண்ணியே ஆகணும். யாரையாவது பத்தி ஒரு வார்த்தை, இன்னொரு சப்ளையரோட விலை, யாரோட சொந்த ஃபோன் நம்பர், இதெல்லாம் 13-வது மெயிலோட அடியில தூங்கிட்டு இருக்கும். வெளி ஆளுக்கு அனுப்புறீங்கன்னா ரெண்டு தடவை பாருங்க.

"நன்றி", "ஓகே", "பார்த்துக்கிறேன்", மீட்டிங் நேரம் மாத்தினது, அப்புறம் மெயிலுக்கு மெயில் திரும்பத் திரும்ப வர்ற கையெழுத்துப் பகுதி, லோகோ படம், இதை எடுக்கலாம். எடுத்தா முழு மெயிலா எடுங்க, அந்த இடத்துல "[நடுவில் 6 மெயில் நீக்கப்பட்டது, நேரம் குறித்த பேச்சு மட்டும்]"னு ஒரு வரி போடுங்க. ஒருத்தர் எழுதின வாக்கியத்துக்கு நடுவுல கை வைக்கவே கூடாது, எழுத்துப்பிழையைக் கூட திருத்தாதீங்க. அவர் பேரு போட்டு நிக்கிற வாக்கியம் அது, ஒரு சொல் மாறினாலும் அவர் சொல்லாததை அவர் சொன்னதா ஆயிரும்.

வழக்கு, புகார், யார் மேல தப்புங்குற தகராறு மாதிரி விஷயமா இருந்தா எதையும் வெட்டாதீங்க. அங்க செயினை இணைப்பாவே அனுப்புங்க, அப்போ அசல் மெயில் அப்படியே தனி ஃபைலா போகும், நம்ம சுருக்கம் மட்டும் மெயிலா நிக்கும். ஜிமெயில்ல மூணு புள்ளிக்குள்ள `Forward as attachment`, கம்ப்யூட்டர்ல போடுற பழைய அவுட்லுக்ல `Ctrl+Alt+F`. சாதாரண விஷயத்துக்கும் இது நல்லாத்தான் இருக்கும், ஆனா ஃபோன்ல இணைப்பைத் திறந்து படிக்கிறது சிலருக்கு எரிச்சல், ஆளைப் பாத்து முடிவு பண்ணுங்க.

ரொம்ப நீளமான செயின் ஜிமெயிலுக்குப் போனா சுமார் 102 கேபிக்கு மேல வெட்டிட்டு "Message clipped"னு காட்டும். மேல எழுதினது தப்பிச்சிரும், கீழ இருக்கிறதுதான் மறையும், அதனால முக்கியமான ஒண்ணை "கீழே 3-வது மெயிலில் பார்க்கவும்"னு சொல்லி அனுப்பாதீங்க, அந்த ஒரு வாக்கியத்தை மேலயே எடுத்து வைங்க.

ஃபார்வர்டா, ரிப்ளை ஆலா

ஃபார்வர்ட் பண்ணா செயின்ல இருந்த ஆறு பேரும் கழண்டுருவாங்க, மேடத்தோட பதில் நமக்கு மட்டும்தான் வரும், அதைத் திரும்ப எடுத்துட்டுப் போற வேலை நம்மோடது. ரிப்ளை ஆல்ல மேடத்தைச் சேர்த்தா பதில் எல்லாருக்கும் போகும், சப்ளையருக்கும் சேர்த்து! எவ்வளவு வரைக்கும் கொடுக்கத் தயார்னு மேடம் அதுல எழுதிட்டா பேரம் அங்கேயே முடிஞ்சுது. பணம், ஆள் பத்தின முடிவுன்னா ஃபார்வர்ட், பர்ச்சேஸ்காரரை மட்டும் சிசியில வைங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு சோதனை

உங்களுக்கே ஒரு தடவை அனுப்பி ஃபோன்ல திறங்க. ஸ்க்ரோல் பண்ணாம தெரியுற அந்த ஒரு திரையில, என்ன செய்யணும், எப்போக்குள்ளன்னு ரெண்டும் இருக்கா? இல்லன்னா மேல வணக்கமும் நலம் விசாரிப்பும் நீண்டிருக்கு, குறைங்க. அப்புறம் கீழ இருக்கிற செயினைக் கையால மறைச்சுட்டு மேல இருக்கிறதை மட்டும் வச்சு "சரி"ன்னு சொல்ல முடியுதான்னு பாருங்க. "எதை விட 6% கூட?"னு ஒரு கேள்வி எழுந்துச்சுன்னா அதுக்கான பதில் மேல வரணும். இந்த உதாரணத்துக்கு நான் முதல்ல எழுதினப்போ "ஏற்கெனவே ஒதுக்கிய தொகையை விட"ங்குறது இல்ல, இந்தச் சோதனையிலதான் மாட்டுச்சு.

போன பிறகு வர்ற பதிலை வச்சும் சரியா எழுதினோமான்னு தெரிஞ்சுக்கலாம். "நோட்டட்"னு மட்டும் வந்தா கேட்டதை அவங்க தகவலா எடுத்துக்கிட்டாங்க, கோரிக்கை வரி எங்கேயோ புதைஞ்சிருக்கு. கீழ செயின்ல ஏற்கெனவே பதில் இருக்கிற கேள்வியைக் கேட்டா சுருக்கத்துல ஒரு தகவல் குறையுது. "9%க்கு சரி"ன்னு வந்தா பழைய நம்பர் எங்கேயோ மேல தெரியுது, உடனே திருத்தி ஒரு வரி அனுப்புங்க, கூடுதலா ஒப்புதல் கிடைச்சிருச்சுன்னு சும்மா இருந்துராதீங்க.

மூணு மெயில் இருக்கிற குட்டிச் செயினுக்கு இவ்வளவும் தேவையில்ல. அங்க சப்ஜெக்டும் கேட்கிற வரியும் போதும், மிச்சத்தை அவங்களே படிச்சுக்குவாங்க.

மேடம் "சரி"ன்னு சொன்னதும் பழைய 27 மெயில் செயினுக்குப் போய் அங்கயும் மேல ஒரு வரி போடுங்க, ஆனா முதல்ல சப்ளையரை எடுத்துட்டு: "முடிவு: 16 ஜிபி மாடல், 6% கூடுதலுக்கு ஒப்புதல் கிடைத்தது (ஜூன் 4). பர்ச்சேஸ்: ஜூன் 5-க்குள் ஆர்டர். ஐடி: பொருள் 12-ஆம் தேதி வருகிறது." போடலன்னா அடுத்த நாளே யாராவது "இது என்னாச்சு?"ன்னு 28-வது மெயிலை ஆரம்பிச்சிருவாங்க.